அக்கா வரைந்த படம், நான் எழுதிய எட்டு வரி

அக்கா அனுப்பிய போட்டோவில் முதலில் கண்ணில் பட்டது அவளுடைய கட்டைவிரல். அடுத்து தாளின் மடிப்பு. அதற்கும் கீழே ட்யூப் லைட் விழுந்து வெளுத்துப்போன ஒரு பட்டை. இவ்வளவுக்கும் நடுவில்தான் படம் இருந்தது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீல பேனாவால் கட்டங்கள், சாய்சதுரங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புகள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இத போன்ல ஓடறா மாரி பண்ணிக் குடுடி. நீதான் பெரிய கம்ப்யூட்டர்காரியாச்சே."

அவள் கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர். நான் மலையடிவாரத்தில் வடக்கனந்தலில் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு புரோகிராம் எழுதுகிறவள். அவளுக்கு என் வேலை ஏசி போட்டுக்கொண்டு பட்டனைத் தட்டுவது. எனக்கு அவள் வேலை ஊசி போடுவது. இருபது வருடமாக இப்படித்தான் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு இருந்தோம்.

விஷயம் இதுதான். அக்கா பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டும். அவள் இடத்தில் ஒரு புது நர்ஸ் இருப்பாள். சின்னசேலம் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்காவின் பட்டியலில் பிரசவ தேதி நெருங்கிய பெண்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் யாருக்காவது பி.பி. ஏறினால் மேலேயே வைத்துப் பார்ப்பதா, உடனே கீழே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? அக்கா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். புதுப் பெண் தடுமாறுவாள். அதற்காகத்தான் அந்தப் படம். மலைக்கு வந்துபோகும் டாக்டரிடம் காட்டி, சரி என்று வாங்கியும் வைத்திருந்தாள்.

டாக்டர் பார்த்தது தாளைத்தான். அந்தத் தாளை வைத்து நான் என்ன எழுதப்போகிறேன் என்பதை என்னைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. கம்பெனியில் நான் எழுதும் ஒரு வரியை மூன்று பேர் படிப்பார்கள். தப்பு வந்தால் ஏதோ ஒரு கடையின் ஆர்டர் ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். தாளையே ஜெராக்ஸ் போட்டுக் கொடு என்றுதான் முதலில் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. அந்தப் பெண் பதற்றத்தில் அம்பை மாற்றிப் படித்துவிடுவாள், போன் என்றால் கேள்வி கேட்கும், அவள் பதில் சொன்னால் போதும் என்றாள். சிக்னல் இல்லாத இடம், அதனால் நெட் இல்லாமல் ஓட வேண்டும் என்று நிபந்தனை வேறு. பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியதை போனுக்குள்ளேயே ஓட்டும் ஆப் ஒன்று இருக்கிறது, அதில் போட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

போட்டோவை முதலில் ஒரு ஏஐ செயலியிடம் கொடுத்தேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை, இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். நேராக பைத்தான் கேட்காதே, முதலில் சாதாரண வாக்கியங்களில் படிப்படியாக எழுதச் சொல், அதைப் படத்தோடு ஒப்பிடு, பிறகு நிரலாக்கு என்பது என் வழக்கம். இப்படி எழுதுவதைத்தான் எங்கள் தொழிலில் சூடோகோடு என்போம். அதில் தப்பு இருந்தால் அக்காவுக்கே படித்துக் காட்டித் திருத்தலாம். பைத்தானைக் காட்டினால் அவள் என்னைத்தான் முறைப்பாள்.

அது எழுதித் தந்தது ஏறக்குறைய இது:

ஆபத்து அறிகுறி இருந்தால்: கீழே அனுப்பு
பி.பி. 160/110க்கு மேல் என்றால்: கீழே அனுப்பு
பி.பி. 140/90க்கு மேல் இல்லை என்றால்: வழக்கம் போல
சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருந்தால்: கீழே அனுப்பு
இல்லை என்றால்: 4 மணி நேரம் ஓய்வு, மறுபடியும் முதலிலிருந்து

படிக்க அழகாக இருந்தது. ஆனால் அதையே பைத்தானாக்கியபோது, 140/90 என்பதை மேல் அளவு 140ம் கீழ் அளவு 90ம் என்று "and" போட்டு இணைத்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது. 138/96 என்று ஒருத்திக்கு வந்தால்? மேல் அளவு 140ஐத் தொடவில்லை, அதனால் "வழக்கம் போல" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். ரெண்டும் ஏற வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா?

"ஏதாவது ஒண்ணு ஏறனாலும் ஏறனதுதான். இதக்கூடவா கேப்ப?" என்றாள்.

அதைக்கூடக் கேட்டதற்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். "மேல்" என்றால் 140ஐயும் சேர்த்துத்தானா என்றும் கேட்டேன். ஆமாம், 140 வந்தாலே கணக்குதான் என்றாள்.

அடுத்தது அந்த "மறுபடியும் முதலிலிருந்து". படத்தில் கடைசிக் கட்டத்திலிருந்து ஒரு அம்பு வளைந்து மேலே போய் முதல் கட்டத்தில் சேர்ந்தது. தாளில் அப்படி ஒரு வளையம் வரைந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நிரலில் அப்படியே விட்டால், 142 வருகிறவளை நாள் முழுக்க நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லும், முடிவே வராது. எத்தனை முறை பார்ப்பாய் என்று கேட்டேன். ரெண்டாவது தடவையும் ஏறியிருந்தால் அனுப்பிவிடுவேன் என்றாள். அது தாளில் எழுதியிருக்கவில்லை. அவள் மனசில் இருந்தது, நான் கேட்டதால் வெளியே வந்தது. இதற்கும் ஒருமுறை முதுகில் தட்டிக்கொண்டேன்.

கடைசியில் நான் எழுதியது எட்டே வரி:

def mudivu(mel, keezh, aabathu, albumin, murai):
    if aabathu or mel >= 160 or keezh >= 110:
        return "கீழே அனுப்பு"
    if mel < 140 and keezh < 90:
        return "வழக்கம் போல"
    if albumin or murai >= 2:
        return "கீழே அனுப்பு"
    return "4 மணி நேரம் கழித்து மறுபடி பார்"

இதற்கு வெளியே கேள்வி கேட்டு விடை வாங்கும் சில வரிகள். அவ்வளவுதான். 139/89 போட்டேன், வழக்கம் போல. 140/80 போட்டேன், நாலு மணி நேரம். 138/96, நாலு மணி நேரம். 120/110, கீழே அனுப்பு. முப்பதுக்கும் மேல் இப்படிப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் நான் எதிர்பார்த்த விடைதான் வந்தது. நான் எதிர்பார்க்கத் தெரிந்ததை மட்டும்தான் சோதித்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமில்லை. அந்த ஏஐ தன் பதிலின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தது. "வலது ஓரத்தில் மேகம் போல ஒரு சிறு படம் இருக்கிறது, அது அலங்காரமாக இருக்கலாம் என்று எண்ணி விட்டுவிட்டேன், சரிபார்க்கவும்" என்று. நான் படித்தேன். போட்டோவையும் பார்த்தேன். விரலுக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக ஒரு மேகம், உள்ளே நாலைந்து சாய்ந்த கோடு. அக்கா பள்ளிக்கூட நாளிலிருந்தே நோட்டு ஓரமெல்லாம் பூவும் கிளியும் வரைந்து அடி வாங்கியவள். இவள் திருந்தவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

அக்கா பயிற்சிக்குக் கிளம்பும் முன் அதை அந்தப் பெண்ணின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் என் தங்கையைக் கூப்பிடு என்று என் நம்பரையும் கொடுத்திருந்தாள். அன்று முதல் என் நிம்மதி போயிற்று. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பேன். எடுத்தால் கிரெடிட் கார்டு வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்று நன்றாகத் திட்டிவிட்டு வைப்பேன். சாப்பிடும்போது திடீரென்று ஆல்புமின் என்ற கேள்விக்கு அவள் "ஆம்" என்பதற்குப் பதிலாக "ஆமா" என்று அடித்தால் என்ன ஆகும் என்று எழுந்து ஓடுவேன். அதை முன்பே சோதித்துப் பார்த்திருந்தேன். இருந்தாலும் ஓடுவேன்.

ஐந்தாம் நாள் மதியம் நர்ஸ் பெண் கூப்பிட்டாள்.

ஐப்பசி மாதம். எங்கள் தெருவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு அம்மாவுக்கு 142/88 இருக்கிறது, தலைவலி மாதிரி ஒன்றும் இல்லை, ஆல்புமினும் இல்லை, போன் நாலு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறது, சரி என்று உட்கார வைத்திருக்கிறேன் என்றாள். அவள் கேட்க வந்தது வேறு. நாலு மணி நேரமும் அந்த ஆப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமா, மூடிவிடலாமா?

மூடிவிடலாம்மா, அடுத்த தடவை திறந்து "இரண்டாவது முறை" என்று போட்டால் போதும் என்றேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் செய்த ஒன்று ஒரு மலையின் மேல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

"சரிங்க்கா. சிக்னலுக்காவ மேட்டுக்கு வந்தன், போயிடறன். இங்க கருக்கினு வருது," என்றாள்.

போனை வைத்துவிட்டு அரை நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். கருக்கினு வருது. மழை. மேகம். பழைய மெசேஜ்களைத் தள்ளித் தள்ளி அந்த போட்டோவைத் தேடினேன். விரல் வழுக்கி இரண்டு முறை தாண்டிப் போனேன்.

பெரிதாக்கிப் பார்த்தால், மேகம் அந்தரத்தில் இல்லை. ஆல்புமின் சாய்சதுரத்திலிருந்து "இல்லை" என்று கீழே வந்த அம்பு நாலு மணி நேரக் கட்டத்துக்கு நேராகப் போகவில்லை. மடிப்பில் விழுந்து, மடிப்போடு மடிப்பாக ஓடி, மேகத்தில் போய்ச் சேர்ந்தது. மேகத்திலிருந்து இரண்டு கோடு வெளியே வந்தன. ஒன்று "கீழே அனுப்பு" கட்டத்துக்கு, ஒன்று நாலு மணி நேரக் கட்டத்துக்கு. அது பூவும் கிளியும் இல்லை. அது ஒரு கேள்வி. மழை வருமா?

எந்தக் கோடு "ஆம்", எந்தக் கோடு "இல்லை" என்று எழுதியிருந்த இடத்தில் அக்காவின் கட்டைவிரல் இருந்தது.

இரண்டு மாதிரியும் அர்த்தம் வந்தது. மழை வந்தால் ஓடைத் தரைப்பாலம் மூழ்கிவிடும், அதனால் காத்திருக்காமல் இப்போதே அனுப்பு. அல்லது, மழை வந்தால் மலைப் பாதை ஆபத்து, நிறைமாதக்காரியை அதில் இறக்காதே, மேலேயே வைத்திரு. சமவெளியில் உட்கார்ந்துகொண்டிருந்த எனக்கு இரண்டும் நியாயமாகவே பட்டது. தப்பாகச் சொன்னால் ஒன்று அவள் மேலே மாட்டிக்கொள்வாள், இல்லையென்றால் நடு வழியில். எனக்கு அழுகை வந்தது.

அக்காவுக்கு போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வகுப்பில் எல்லோரையும் அணைக்கச் சொல்வார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். மறுபடியும் போட்டேன். அணைத்திருக்கும் போனுக்கு ஏழு தடவை போட்டால் மட்டும் அடித்துவிடுமா என்ன. ஏழு தடவை போட்டேன். நர்ஸ் பெண்ணுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மேட்டிலிருந்து இறங்கியிருப்பாள்.

விரலையே வெறித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விரல் மறைக்காத இடங்களைப் பார்க்கத் தோன்றியது. அக்கா நாலு சாய்சதுரம் வரைந்திருந்தாள். நாலிலும் "ஆம்" வலது பக்கம் போயிற்று. நாலிலும் "இல்லை" கீழே போயிற்று. ஒன்றுகூட மாறவில்லை. அவளுக்கு அது கைப்பழக்கம். மேகத்திலிருந்து வலது பக்கம் போன கோடு எங்கே சேர்கிறது என்று விரலின் நிழலுக்குள் ஒவ்வொரு புள்ளியாகத் தொடர்ந்து பார்த்தேன். "கீழே அனுப்பு".

இதை நான் மூன்று வாரத்துக்கு முன் செய்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நர்ஸ் பெண்ணுக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். போகவே இல்லை. இருபது நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டாள். விடுபட்ட அழைப்புகள் எதுவும் அவளுக்கு வரவில்லை. அந்த அம்மா வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்து வரச் சொல்ல மறுபடியும் மேட்டுக்கு வந்தவள், எத்தனை மணிக்கு இரண்டாவது தடவை பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்கலாமே என்று போட்டிருக்கிறாள். அந்தச் சாப்பாட்டுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"போன்ல இருக்கறது தப்பும்மா," என்றேன். "நான் எழுதனது தப்பு. அக்கா பேப்பர்ல மழைன்னு ஒரு கேள்வி இருக்குது, நான் உட்டுட்டேன். மழை வர மாரி இருந்தா நாலு மணி நேரம் காக்கக்கூடாது, இப்பவே எறக்கணும். டாக்டருக்குப் போட்டுக் கேட்டுக்கோ. ஓடையில தண்ணி வந்துடுச்சா?"

இன்னும் வரவில்லை என்றாள். மேற்கே கொட்டுகிறது, இங்கே தூறல்தான் என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "டாக்டருக்குப் போட்டு எடுக்கலன்னா இன்னா பண்றதுங்க்கா?"

நான் நர்ஸ் இல்லை. டாக்டர் இல்லை. சொல்ல எனக்கு உரிமை இருந்ததா என்று இன்றும் தெரியவில்லை. "டாக்டர் ஏற்கெனவே சரின்னு சொன்ன பேப்பர்தாம்மா இது. எடுக்கலன்னாலும் அனுப்பு," என்றேன்.

டாக்டர் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் மேலே ஏறி வர நேரமாகும் என்பதால் அந்த ஊர் ஜீப்பில் ஏற்றி, வழியில் ஆம்புலன்ஸுக்கு மாற்றுவது என்று நர்ஸ் பெண் ஏற்பாடு செய்தாள். அவளும் கூடவே கிளம்பினாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் தகவல் இல்லை. எங்கள் தெருவிலும் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் காய்ந்த துணி நனைவது தெரிந்தும் எழுந்து போகவில்லை. அந்த அம்புக்குறியை மறுபடியும் மறுபடியும் தொடர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் நம்பிக்கை வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டு ஒரு நிறைமாதப் பெண் மழையில் மலையிறங்கிக்கொண்டிருந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு மெசேஜ் வந்தது. ஆம்புலன்ஸில் இருக்கிறோம். தரைப்பாலத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓடும்போதே கடந்துவிட்டோம்.

மாலை அக்கா போனைத் திறந்து என் அழைப்புகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வலப்பக்கம் போனா எறக்கறது. சரியாதான் சொல்லியிருக்க," என்றாள். பிறகு கேட்டாள்: "மேகம் போட்டா மழைன்னு உனக்குத் தெரியாதாடி?"

நீ சும்மா வரைந்தது என்று நினைத்தேன் என்றேன். ஆயிரத்தெட்டு கேள்வி கேட்டியே, அதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்றாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. ஓடை ஏறினால் இரண்டு நாள்கூட இறங்க முடியாமல் போகும், மேலே எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் எழுதாமல் படமாகப் போட்டேன் என்று அவள் தன்மேலும் பழி போட்டுக்கொண்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றே திருத்தினேன். மழை என்று ஒரு கேள்வி. முதல் வரியின் அடைப்புக்குள் ஒரு "mazhai", ஆறாவது வரியில் ஒரு "or mazhai". எட்டு வரி எட்டு வரியாகவே இருந்தது. அக்காவிடமும் டாக்டரிடமும் காட்டி, ஒவ்வொரு விடையையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி ஒப்பிடும்வரை அதைத் தொடாதே என்று நர்ஸ் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸில் வரும்போதே அந்த நிறைமாதப் பெண்ணுக்குத் தலைவலி ஆரம்பித்ததாம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 164/112. ஊசி போட்டு, காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். பெண் குழந்தை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தாள், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நர்ஸின் சொந்தக்காரி என்று நினைத்து என்னிடம் நன்றாகவே பேசினாள்.

"நான் அப்பவே சொன்னங்க, கெளம்பிடலாம்னு. மேக்கால இருட்டிக்கினு இருந்துச்சி, ஓடையில தண்ணி வந்துடும்னு. நர்சு பொண்ணு போன காட்டிச்சி. நாலு மணி நேரம் இருக்க சொல்லுதுன்னு. போனே சொல்லும்போது நாம இன்னா பேசறது, உக்காந்துட்டோம்."

அவளை உட்கார வைத்தது என் எட்டாவது வரி. அதை அவளிடம் சொல்லாமல் அந்த இடத்தை விட்டுக் கிளம்ப முடியும் என்று தோன்றவில்லை.

"அந்த போன்ல இருக்கறத எழுதனது நான்தாங்கம்மா," என்றேன். "மழைய கேக்காம உட்டுட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. குழந்தையின் காலில் விலகியிருந்த துணியை இழுத்து மூடினாள்.

"நீ எந்த ஊரும்மா?"

"வடக்கனந்தலுங்க."

"அங்கேர்ந்து பாத்தா எங்க மல தெரியுமே," என்றாள்.

தெரியும்ங்க என்றேன்.